கரோட்டீன் ஏன் பெட்டிக்குள் அடங்க மறுக்கிறது?

கேள்வி: ஒற்றைப் பரிமாணப் பெட்டியில் துகள் என்ற மாதிரியை வைத்து, பீட்டா கரோட்டீன் உட்கவரும் ஒளியின் அலைநீளத்தைக் கணக்கிட்டேன். 11 இரட்டைப் பிணைப்புகள், 22 பை எலக்ட்ரான்கள், தலா 0.14 நானோமீட்டர் வீதம் 21 பிணைப்புகள் நீளமுள்ள பெட்டி. விடை 1240 நானோமீட்டர் என்று வருகிறது. அளந்த மதிப்போ சுமார் 450. பியூட்டாடையீனுக்கு நீளம் 0.578 என்று வைத்தபோது 220 வந்தது, உண்மை மதிப்பு 217. அங்கே சரியாக வந்தது இங்கே ஏன் இப்படிப் போனது? எங்கே தவறு செய்தேன்?

பதில்:

உங்கள் கணக்கில் தவறு எதுவும் இல்லை. எலக்ட்ரான்களைச் சரியாக எண்ணியிருக்கிறீர்கள், 11ஆம் மட்டத்திலிருந்து 12ஆம் மட்டத்துக்குத் தாவுவதையும் சரியாகவே எடுத்திருக்கிறீர்கள். உண்மையில் சந்தேகப்பட வேண்டியது கரோட்டீன் விடையை அல்ல, பியூட்டாடையீன் விடையைத்தான். அது சரியாக வந்தது தற்செயல். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க, பெட்டியின் சூத்திரம் எதைக் கணக்கில் எடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

L நீளமுள்ள பெட்டிக்குள் எலக்ட்ரானுக்கு எந்த விசையும் இல்லை. சுவர்களை மட்டும் அது தாண்ட முடியாது. ஆகவே அதன் அலைச்சார்பு இரு சுவர்களிலும் சுழியாக வேண்டும். இரு முனைகளிலும் கட்டிய கம்பியைப் போல, பெட்டிக்குள் முழு எண்ணிக்கையிலான அரை அலைகள் மட்டுமே பொருந்தும். n அரை அலைகள் பொருந்தினால் டி பிராய் அலைநீளம் 2L/n, உந்தம் nh/2L. நிலையாற்றல் சுழி என்பதால் மொத்த ஆற்றலும் இயக்க ஆற்றலே:

```
E(n) = n² h² / (8 m L²)
```

எலக்ட்ரானின் நிறையை இட்டு, ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட்டிலும் நீளத்தை நானோமீட்டரிலும் எழுதினால் h²/8m என்பது 0.376 ஆகிவிடும். இந்த ஒரு எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. h இருக்க வேண்டிய இடத்தில் அதை 2π ஆல் வகுத்த மாறிலியை இட்டு 39 மடங்கு பிழை செய்வதும் தவிரும்.

N பை எலக்ட்ரான்களை மட்டத்துக்கு இரண்டாக நிரப்பினால் N/2 ஆம் மட்டம் வரை நிறையும். மிகக் குறைந்த ஆற்றலுள்ள தாவல் அங்கிருந்து அதற்கு அடுத்த மட்டத்துக்கு. அடுத்தடுத்த இரு எண்களின் வர்க்கங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் இங்கே N+1 ஆக வந்து நிற்பதால்,

```
ΔE = 0.376 (N+1) / L²      (eV, nm)
λ  = 1240 / ΔE             (nm)
```

இதை நீண்ட மூலக்கூறுகளுக்குப் பொருத்திப் பாருங்கள். சங்கிலி நீள நீள, L என்பது N இன் விகிதத்தில் வளர்கிறது. ஆகவே ΔE ஏறத்தாழ 1/N போலக் குறைந்து, முடிவில் சுழியை நோக்கிப் போகும். அலைநீளமோ ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும் சம அளவில் கூடிக்கொண்டே, எல்லையில்லாமல் வளரும். இதுதான் இந்த மாதிரி முன்வைக்கும் முக்கியமான கூற்று. ஒரே ஒரு மூலக்கூறுக்கு எண் பொருந்துகிறதா என்று பார்ப்பதைவிட, ஒரு தொடர் முழுவதும் இந்தக் கூற்று நிற்கிறதா என்று பார்ப்பதே நல்ல சோதனை.

அப்படி நிற்கும் தொடர் ஒன்று இருக்கிறது. சயனின் சாயங்களிலேயே மிக எளியது அது: இரு முனைகளிலும் இரண்டு மீத்தைல் தொகுதிகள் ஏந்திய நைட்ரஜன், நடுவே ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன்கள், மொத்தத்தில் ஒரு நேர்மின் சுமை.

```
(CH3)2N–(CH=CH)k–CH=N(CH3)2  +
```

k = 1 என்ற மூலக்கூறை எடுத்துக்கொள்வோம். ஒரு நைட்ரஜனின் தனித்த இரட்டை எலக்ட்ரான்கள் 2, C=C பிணைப்பில் 2, C=N பிணைப்பில் 2; ஆக 6 எலக்ட்ரான்கள். தனித்த இரட்டையை விட்டுவிட்டு 4 என்று எண்ணுவதுதான் இங்கே மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. சங்கிலியில் 5 அணுக்கள், 4 பிணைப்புகள். பெட்டியின் சுவர் கடைசி அணுவின் மீதே நிற்பதில்லை, எலக்ட்ரான் மேகம் அதற்கு அப்பாலும் கொஞ்சம் பரவும் என்பதால், ஒவ்வொரு முனையிலும் ஒரு பிணைப்பு நீளத்தைக் கூட்டிக்கொள்வது வழக்கம். ஆகவே 6 × 0.139 = 0.834 நானோமீட்டர். மூன்றாம் மட்டத்திலிருந்து நான்காம் மட்டத்துக்கான தாவலின் அலைநீளம் 328 என்று வருகிறது. கரைசலில் அளந்தது 312.5. அடுத்தடுத்த சாயங்களுக்கும் இதே முறையில் கணக்கிட்டதும் அளந்ததும், நானோமீட்டரில்:

```
k    N    கணக்கு    அளவீடு
1    6     328      312.5
2    8     453      416
3   10     579      519
4   12     706      625
5   14     832      734.5
```

எண்கள் கச்சிதமாகப் பொருந்தவில்லை என்பது உண்மை. கணக்கு எப்போதும் சற்று முன்னே ஓடுகிறது, கடைசியில் 13 விழுக்காடு வரை விலகுகிறது. ஆனால் அளவீட்டு வரிசையைத் தனியாகப் பாருங்கள்: ஒவ்வொரு CH=CH அலகுக்கும் சுமார் 105 நானோமீட்டர் கூடுகிறது, ஐந்தாவது படியிலும் அந்த வளர்ச்சி தளரவில்லை. முதல் சாயம் புறஊதாவில் உட்கவர்வதால் நிறமற்றது. 416 இல் ஊதாவை விழுங்குவது மஞ்சளாகவும், 519 இல் பச்சையை விழுங்குவது சிவப்புச் சாயலிலும், 625 இல் உட்கவர்வது நீலமாகவும் தெரியும். சங்கிலியில் இரண்டு கார்பன்களைச் சேர்ப்பதற்கு ஒரு நிறம் என்ற இந்த வரிசையை, பொருத்திச் சரிசெய்த மாறிலி ஒன்றுகூட இல்லாத சூத்திரம் தருகிறது. அதை நான் சாதாரணமாக எண்ணுவதில்லை.

இனி உங்கள் கரோட்டீனுக்கு வருவோம். சயனினுக்குச் செய்தது போலவே இரு முனைகளிலும் ஒரு பிணைப்பைக் கூட்டினால் L = 23 × 0.14 = 3.22 நானோமீட்டர். ΔE = 0.376 × 23 / 10.37 = 0.83 எலக்ட்ரான் வோல்ட், அலைநீளம் 1490. உங்கள் 1240 ஐ விடவும் மோசம். இந்தக் கணக்கை நம்பினால் கரோட்டீன் அகச்சிவப்பில் உட்கவரும் பொருளாகிவிடும். அதன் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான அந்தத் தாவலுக்குப் பெட்டி தரும் இடமே வேறாகிவிடுகிறது. பெட்டியின் முனைகளைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாமா என்று தோன்றும். 450 வர வேண்டுமானால் பெட்டி 1.77 நானோமீட்டராக, அதாவது பன்னிரண்டு பதின்மூன்று பிணைப்புகள் அளவே இருக்க வேண்டும். 21 பிணைப்புகளில் பரவிய எலக்ட்ரான்களை அதில் பாதிக்குச் சற்று மேற்பட்ட இடத்தில் அடைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

சயனினுக்கும் கரோட்டீனுக்கும் உள்ள வேறுபாடு பிணைப்புகளின் நீளத்தில் இருக்கிறது. சயனினில் இரட்டைப் பிணைப்புகளை இடமிருந்து வலமாக எழுதினாலும், அவற்றையெல்லாம் ஓர் இடம் நகர்த்தி நேர்மின் சுமையை மறு முனை நைட்ரஜனுக்குத் தந்து எழுதினாலும், கிடைப்பவை முற்றிலும் சமமான இரண்டு உடனிசைவு அமைப்புகள். ஆகவே எந்தப் பிணைப்பும் ஒற்றையும் அல்ல, இரட்டையும் அல்ல. சங்கிலி நெடுக எல்லாமே ஏறத்தாழ ஒரே நீளம். எலக்ட்ரானின் பார்வையில் சமதளமான பெட்டி.

கரோட்டீனில் அப்படி இல்லை. இரட்டைப் பிணைப்புகளை ஓர் இடம் நகர்த்தி எழுத முயன்றால் இரு முனைகளிலும் இணை சேராத எலக்ட்ரான்களோ மின்சுமைகளோ மிஞ்சும். அந்த அமைப்பின் ஆற்றல் மிக அதிகம், அதன் பங்கு மிகக் குறைவு. ஆகவே இரட்டைப் பிணைப்பு சுமார் 0.135, ஒற்றைப் பிணைப்பு சுமார் 0.145 என்று குட்டையும் நெட்டையுமாக மாறிமாறி வருகின்றன. குட்டைப் பிணைப்பில் இரு அணுக்கருக்களும் நெருங்கி நிற்பதால் எலக்ட்ரானுக்கு அங்கே நிலையாற்றல் குறைவு. நெட்டைப் பிணைப்பில் கூடுதல். பெட்டியின் தரை சமதளம் அல்ல, அலையலையாக ஏறி இறங்கும் தரை. நாம் இட்ட சூத்திரத்தில் இந்த மேடுபள்ளத்துக்கு இடமே இல்லை.

நீளத்தில் 0.01 நானோமீட்டர் வித்தியாசம் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யுமா என்று கேட்கத் தோன்றும். இங்கே 11ஆம், 12ஆம் அலைச்சார்புகளைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். 11ஆம் மட்டத்தின் எலக்ட்ரான் அடர்த்தியில் 11 மேடுகள் உண்டு, 3.22 நானோமீட்டரில் அவற்றுக்கு இடையிலான தொலைவு 0.293. அடுத்தடுத்த இரட்டைப் பிணைப்புகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு 0.28. ஏறத்தாழ ஒன்றே. ஒற்றைப்படை மட்டம் என்பதால் பெட்டியின் நட்டநடுவில் ஒரு மேடு இருக்கும். மூலக்கூறின் நட்டநடுவில் இருப்பதோ ஆறாவது இரட்டைப் பிணைப்பு. ஆகவே நடுவிலிருந்து இருபுறமும் ஒவ்வொரு மேடும் ஓர் இரட்டைப் பிணைப்பின் மீதோ அதன் அருகிலோ வந்து உட்காருகிறது. முனைகளை நெருங்கும்போதுதான் அரைப் பிணைப்புக்கும் குறைவான தொலைவு விலகுகிறது. 12ஆம் மட்டத்தில் மேடுகளின் இடைவெளி 0.268, அதுவும் 0.28 க்கு அருகிலேயே. ஆனால் இரட்டைப்படை மட்டம் என்பதால் நட்டநடுவில் இருப்பது கணு. நடு இரட்டைப் பிணைப்பில் எலக்ட்ரான் இல்லை, அதன் இருபுறமும் உள்ள ஒற்றைப் பிணைப்புகளின் மீது மேடுகள்.

அதாவது நிரம்பிய கடைசி மட்டம் தரையின் பள்ளங்களில் அமர்ந்திருக்கிறது, காலியான முதல் மட்டம் தரையின் மேடுகளில். தரையின் ஏற்ற இறக்கம் முன்னதை முறையாகக் கீழே இறக்குகிறது, பின்னதை முறையாக மேலே ஏற்றுகிறது. மூன்றாம் மட்டமோ ஐந்தாம் மட்டமோ ஆகியிருந்தால் அகன்ற மேடுகளுக்குள் பள்ளமும் திட்டுமாகச் சரிபாதி விழுந்து, விளைவு பெரும்பாலும் அடிபட்டுப் போயிருக்கும். ஒளியை உட்கவரும் தாவலில் பங்குபெறும் இந்த இரண்டு மட்டங்களுக்குத்தான் அலையின் ஒழுங்கும் தரையின் ஒழுங்கும் ஒத்துப்போகின்றன. இது எண்களின் விளையாட்டு அல்ல: இரண்டு அணுக்களுக்கு ஓர் இரட்டைப் பிணைப்பு, இரண்டு எலக்ட்ரான்களுக்கு ஒரு நிரம்பிய மட்டம் என்ற ஒரே எண்ணிக்கையிலிருந்து இரண்டும் பிறப்பதால், ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் எல்லாப் பாலியீன்களிலும் இதுவே நடக்கும்.

சாயங்களுக்குப் பெட்டி மாதிரியைப் பயன்படுத்திய ஹான்ஸ் குன் 1949 இலேயே இந்த மேடுபள்ளத்துக்கு ஓர் எளிய திருத்தம் தந்தார்:

```
ΔE = 0.376 (N+1) / L²  +  V0 (1 − 1/N)
```

V0 என்பது தரையின் ஏற்ற இறக்கத்தின் அளவு. சமச்சீரான சயனினுக்கு அது சுழி. பாலியீனுக்குச் சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட். கரோட்டீனுக்கு இட்டுப் பாருங்கள்: 0.83 + 2 × 21/22 = 2.74 எலக்ட்ரான் வோல்ட், அதாவது 452 நானோமீட்டர். V0 அனுபவத்தில் பொருத்திக் கண்ட எண் என்பதால் இந்தப் பொருத்தத்தின் துல்லியத்தைக் கண்டு மகிழ வேண்டாம். கவனிக்க வேண்டியது விகிதம்தான்: கரோட்டீன் உட்கவரும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பெட்டி மாதிரி அறியவே அறியாத இடத்திலிருந்து வருகிறது.

இப்போது பியூட்டாடையீனின் ‘வெற்றி’யைத் திரும்பிப் பார்க்கலாம். சங்கிலி சிறியதாக இருக்கும்போது முனைகளை எங்கே வைப்பது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மூன்று பிணைப்புகளை மட்டும் எடுத்தால் L = 0.42, விடை 116 நானோமீட்டர். இருபுறமும் ஒரு பிணைப்பைக் கூட்டினால் L = 0.70, விடை 323. இவற்றுக்கு இடையில் வேண்டிய எந்த எண்ணையும் வரவழைக்கலாம். பாடப்புத்தகங்களில் வழங்கும் 0.578 என்பது, இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் ஓர் ஒற்றைப் பிணைப்பும் சேர்ந்த நீளத்தோடு இருபுறமும் ஒரு கார்பன் ஆரத்தைக் கூட்டிக் கிடைத்தது. பெட்டி சற்றுக் குட்டையாக இருப்பதால் இயக்க ஆற்றல் கூடுகிறது. அந்தக் கூடுதல், விட்டுப்போன மேடுபள்ளத்தின் பங்கை ஏறத்தாழ ஈடுகட்டிவிடுகிறது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. அதே செய்முறையில் கரோட்டீனின் நீளத்தைக் கணக்கிட்டால் 3.18 வரும், விடை சுமார் 1450. சங்கிலி நீண்டதும் முனைகளின் பிழை கரைந்து, மற்றொரு பிழை மட்டும் அம்மணமாக நிற்கிறது. மாணவனாக இருந்தபோது 220 என்ற எண்ணைப் பார்த்துப் பூரித்துப்போய் அடுத்த பக்கத்துக்குப் புரட்டிவிட்டவர்களில் நானும் ஒருவன். நீங்கள் கரோட்டீனையும் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

திருத்தியபின்னும் மாதிரிக்கு எட்டாத ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதை இந்த மாதிரி பொருட்படுத்துவதில்லை. நீண்ட பாலியீன்களில் அந்த விலக்கத்தின் விளைவாக, 450 இல் தெரியும் வலுவான தாவலுக்குக் கீழேயே ஒளியால் நேரடியாகச் சென்றடைய முடியாத மற்றொரு கிளர்ந்த நிலை அமைகிறது. ஹட்சனும் கோலரும் 1972 இல் பாலியீன் ஒன்றில் இதைக் கண்டறிந்தார்கள். ஆகவே நாம் 11இலிருந்து 12க்கு என்று எழுதும் தாவல், கரோட்டீனின் முதல் கிளர்ந்த நிலைக்கு அல்ல, இரண்டாவது நிலைக்குப் போவது. ஓர் எலக்ட்ரான் ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது என்ற படத்தில் அந்தக் கீழ்நிலைக்கு எந்த வடிவமும் கிடையாது. V0 ஐ எப்படி மாற்றினாலும் அது வராது.

நீங்களே சரிபார்க்க விரும்பினால், ஒற்றை மூலக்கூறுகளை விட்டுவிட்டு ஒரு வரைபடம் போடுங்கள். கிடை அச்சில் (N+1)/L², நெட்டச்சில் அளந்த ΔE. முனைகளில் ஒரு பிணைப்பு கூட்டும் முறையையே எல்லாவற்றுக்கும் வையுங்கள். பெட்டி மாதிரி சரியென்றால் புள்ளிகள் 0.376 சாய்வுள்ள, ஆதியின் வழியே செல்லும் நேர்கோட்டில் விழ வேண்டும். மேலே தந்த சயனின்களில் முதலாவதையும் கடைசியையும் இணைத்தால் சாய்வு 0.374, நெட்டச்சில் வெட்டுத்துண்டு 0.2 எலக்ட்ரான் வோல்ட். நடுவிலுள்ள மூன்றும் அந்தக் கோட்டுக்கு அருகிலேயே விழுகின்றன. அட்டவணையில் கணக்கு முன்னே ஓடியதெல்லாம் இந்த 0.2 தான், சங்கிலி நீண்டு ΔE சிறுத்ததால் அதுவே பெரிதாகத் தெரிந்தது. பிறகு அதே தாளில் பாலியீன்களைக் குறியுங்கள். பியூட்டாடையீனுக்கு அளந்த 5.71 இலிருந்து பெட்டியின் பங்கான 3.84 ஐக் கழித்தால் மிஞ்சுவது 1.87, கரோட்டீனுக்கு 2.75 இலிருந்து 0.83 ஐக் கழித்தால் 1.92. 4 எலக்ட்ரான்கள் உள்ள மூலக்கூறும் 22 எலக்ட்ரான்கள் உள்ள மூலக்கூறும் சயனின் கோட்டுக்கு மேலே, அதற்கு ஏறத்தாழ இணையான ஒரே கோட்டில் போய் விழுவதைத் தாளில் பார்ப்பீர்கள்.